நன்கொடை நோட்டீஸைத் திருத்தி எழுதுதல்: மலையூர்த் திருவிழாக் கமிட்டியினர் கேட்கும் கேள்விகள்

கீழே உள்ளவை நீலகிரியில், குறிப்பாகக் கோத்தகிரி, குன்னூர் வட்டாரத்துத் தேயிலைக் குடியிருப்புகளில், பங்குனி, சித்திரை மாதங்களில் மாரியம்மன் திருவிழா நடத்தும் கமிட்டியினர் வழக்கமாகக் கேட்பவை. விடைகள் அனைத்துக்கும் ஒரே ஊரை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். அது கோத்தகிரிப் பக்கம் 120 தலைக்கட்டு உள்ள ஒரு குடியிருப்பு. பாதிப் பேர் எஸ்டேட் லைன் வீடுகளில் இருப்பவர்கள், மற்றவர்கள் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் தேயிலை வைத்திருப்பவர்கள், அத்துடன் சிறியதொரு கடைவீதி. தொகைகள் விளக்கத்துக்காகப் போடப்பட்டவை. உங்கள் ஊர்த் தொகைகளை அந்த இடங்களில் வைத்துப் பார்க்கலாம்.

இருபது வருசமாக இதே நோட்டீஸைத்தான் தேதி மாற்றி அடிக்கிறோம். யாரும் குறை சொன்னதில்லை. இதில் என்ன தப்பு?

நோட்டீஸின் நடுப்பகுதி பெரும்பாலான ஊர்களில் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்:

"பேரன்புடையீர், நிகழும் மங்களகரமான பங்குனித் திங்களில் நமது ஊரில் எழுந்தருளி அருள்பாலித்து வரும் அருள்மிகு மாரியம்மன் திருவிழா வெகு விமரிசையாக நடைபெற உள்ளதால், ஊர்ப் பொதுமக்களும் எஸ்டேட் தொழிலாளர்களும் வியாபாரப் பெருமக்களும் தலைக்கட்டு ஒன்றுக்கு ரூ.1,000-மும் கடை ஒன்றுக்கு ரூ.2,000-க்குக் குறையாமலும் கட்டாயம் செலுத்தி அம்மன் அருளுக்குப் பாத்திரர் ஆகுமாறும், செலுத்தத் தவறியவர்களுக்கு ஊர் மரியாதை கிடையாது என்பதையும் தெரிவித்துக்கொள்கிறோம். பணத்தைப் பொருளாளரின் ஜிபே எண்ணுக்கும் அனுப்பலாம். இங்ஙனம், விழாக் கமிட்டியார்."

இதில் அழைப்பு, வரி, நன்கொடை, எச்சரிக்கை ஆகிய நான்கும் ஒரே வாக்கியத்துக்குள் கட்டப்பட்டிருக்கின்றன. "பேரன்புடையீர்" என்று தொடங்கிய கடிதம் "ஊர் மரியாதை கிடையாது" என்று முடியும்போது, முன்னால் சொன்ன பணிவுச் சொற்கள் எல்லாம் பொருள் இழந்துவிடுகின்றன. ஊர் மரியாதையாகத் தரும் பூமாலையும் விபூதியும் பணம் கட்டியவருக்கு மட்டும் என்று அச்சில் போட்டால், கடன்பட்டாவது கட்ட வேண்டிய நெருக்கடியை ஏழைக் குடும்பத்துக்கு ஊரே உண்டாக்குகிறது. அந்த வரி முழுவதுமாக நீக்கப்பட வேண்டும், மென்மையாக்கினால் போதாது. "தவறாமல்", "கட்டாயம்", "குறையாமல்" ஆகிய சொற்களும் நன்கொடை கேட்கும் பகுதியில் இடம்பெறக் கூடாது.

யாரும் குறை சொல்லவில்லை என்பது உண்மையாக இருக்கலாம். ஆனால் கடைக்காரர் ஒருவர் கமிட்டி வரும் நேரம் பார்த்துக் கடையை அடைத்துவிட்டுப் போவதும், கொடுத்தவரே "எவ்வளவு சாப்பிட்டார்களோ" என்று பின்னால் பேசுவதும் குறை சொல்வதன் வேறு வடிவங்கள். பணம் எதற்கு, எவ்வளவு, யார் கையில், மீதி எங்கே என்ற நான்கு கேள்விகளுக்கு மேலே கண்ட நோட்டீஸில் தெளிவான விடை இல்லை என்பதே அந்தப் பேச்சுக்கு இடம் கொடுக்கிறது.

தலைக்கட்டு வரியையும் நன்கொடையையும் சேர்த்துக் கேட்டால் என்ன? எல்லாம் ஒரே செலவுக்குத்தானே போகிறது?

செலவு ஒன்றுதான், கேட்கும் உரிமை ஒன்றல்ல. தலைக்கட்டு வரி என்பது ஊர்க் கூட்டத்தில் பேசி, அங்கே உட்கார்ந்திருந்த குடும்பங்கள் தங்களுக்குத் தாங்களே விதித்துக்கொண்டது. அதை நினைவூட்டலாம், தவணை கேட்டால் கொடுக்கலாம், விலக்கும் அளிக்கலாம். நன்கொடை அப்படியல்ல. கூட்டத்தில் இல்லாதவரிடம், பேசும் உரிமையே தரப்படாதவரிடம், ஒரு தொகையை நிர்ணயித்துக் கேட்க எந்தக் கமிட்டிக்கும் இடமில்லை. கடைவீதிக்காரர்கள், அண்மையில் குடிவந்தவர்கள், ஜார்க்கண்டிலிருந்து தேயிலை பறிக்க வந்து லைன் வீடுகளில் தங்கியிருக்கும் குடும்பங்கள், வேறு மதத்தைச் சேர்ந்த அண்டை வீட்டார் ஆகியோர் எல்லோரும் இந்த வகையில் வருவார்கள். இவர்களில் பலர் மனமுவந்து கொடுப்பவர்கள். தொகையைப் போட்டு நீட்டும்போதுதான் அது கசந்துபோகிறது.

ஆகவே வரியைப் பற்றிய அறிவிப்பைத் தனித்தாளாக, ஊர்க் கூட்டத் தீர்மானத்தின் நாளைக் குறிப்பிட்டு, வரிக்கு உட்பட்ட குடும்பங்களுக்கு மட்டும் கொடுக்க வேண்டும். எடுத்துக்காட்டு ஊரில் கூட்டம் 12 வீடுகளுக்கு வரி வேண்டாம் என்று முடிவு செய்திருப்பதாகக் கொள்வோம்: கணவனை இழந்து தனியே பிள்ளைகளை வளர்ப்பவர், நெடுநாள் நோயாளி உள்ள வீடு, அந்த ஆண்டு துக்கம் நேர்ந்த வீடு போன்றவை. அந்த வீடுகளின் பெயர் எந்தத் தாளிலும் வரக் கூடாது. "கூட்டம் விலக்களித்த குடும்பங்கள் 12" என்ற எண் மட்டும் கணக்கில் வந்தால் போதும். மீதி 108 குடும்பங்களின் வரி 1,08,000 ரூபாய்.

எஸ்டேட் உள்ள ஊர்களுக்கு இன்னொன்று. "வரி சம்பளத்தில் பிடித்தம் செய்யப்படும்" என்று சில நோட்டீஸ்களில் பார்க்க முடிகிறது. கூலியில் எதைப் பிடிக்கலாம் என்பதைச் சட்டம் வரையறுத்திருக்கிறது; தொழிலாளி எழுதிக் கொடுக்காத ஒன்றைக் கமிட்டி தானாக அறிவிப்பது தவறு. சம்பள நாளை ஒட்டி வாங்கிக்கொள்ளலாம் என்றோ, பசுந்தேயிலைப் பணம் ஃபாக்டரியிலிருந்து வந்த பிறகு கொடுக்கலாம் என்றோ எழுதினால் அதே வசதி கிடைக்கும்.

மொத்தச் செலவை நோட்டீஸிலேயே போட்டால் "இவ்வளவா" என்று கேட்பார்கள், கொடுக்கிறதையும் குறைத்துவிடுவார்கள் என்று பொருளாளர் பயப்படுகிறார்.

கேட்கத்தான் செய்வார்கள். அந்தக் கேள்வி திருவிழாவுக்கு முன் வந்தால் விடை சொல்லலாம், வேண்டுமானால் செலவைக் குறைக்கலாம். பின்னால் வந்தால் விளக்கம் மட்டுமே சொல்ல முடியும். தொகை குறையும் என்ற அச்சத்துக்கும் ஒரு விடை உண்டு. மக்கள் பார்க்க வேண்டிய எண் மொத்தச் செலவு அன்று. வரியும் பழைய இருப்பும் போக இன்னும் எவ்வளவு தேவை என்பதே.

எடுத்துக்காட்டு ஊரின் மூன்று நாள் திருவிழாவுக்குச் செலவு மதிப்பு 2,00,000 ரூபாய். பூசைப் பொருள், பூமாலை, பூசாரி தட்சிணைக்கு 32,000. பந்தல், விளக்கு, ஒலிபெருக்கி, தற்காலிக மின் இணைப்புக்கு 48,000. நாதஸ்வரம், மேளத்துக்கு 36,000. 600 பேருக்கு ஒருவேளை அன்னதானத்துக்கு 54,000. சப்பர அலங்காரத்துக்கும் வண்டி வாடகைக்கும் 18,000. அச்சு, ரசீதுப் புத்தகம், துப்புரவுக்கு 12,000. வரி 1,08,000, போன ஆண்டு இருப்பு 14,000, ஆக 1,22,000 கையில் வரும். எனவே நன்கொடையாகத் தேவைப்படுவது 78,000 மட்டும். "இரண்டு லட்சம் வேண்டும்" என்பதைப் படிப்பவருக்குத் தம்முடைய இருநூறு ரூபாய் அற்பமாகத் தோன்றும். 78,000 என்ற தொகையில் அதற்கு ஒரு மதிப்பு இருக்கிறது.

மலைச் செலவுகளுக்கான காரணத்தை ஓரிரு சொற்களில் சேர்ப்பது நல்லது. சமவெளியிலிருந்து திருவிழாவுக்கு வரும் உறவினர்கள் பந்தல் செலவைப் பார்த்துப் புருவம் உயர்த்துவார்கள். சித்திரையில் பிற்பகலில் இறங்கும் கோடை மழைக்கு இங்கே துணிப்பந்தல் நிற்காது, தகரப் பந்தல்தான் போட வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி முதல் மாநிலம் முழுவதும் தடை வந்தது. நீலகிரியில் அதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே தடை உண்டு. ஆகையால் அன்னதானத்துக்குப் பாக்குமட்டைத் தட்டோ வாழையிலையோ வாங்கியாக வேண்டும். வாழையிலை கீழிருந்து வண்டியில் ஏறி வருவது. துப்புரவுக்கென்று ஒரு தொகை தனியே இருப்பதும் அதனால்தான்.

திருத்தி எழுதிய நோட்டீஸ் முழுதாக எப்படி இருக்கும்? ஒரு மாதிரி கிடைக்குமா?

வரி அறிவிப்பு தனித்தாளில் போய்விட்டதாகக் கொண்டால், நன்கொடைத் தாள் இவ்வாறு அமையலாம். தேதி, எண் ஆகிய இடங்கள் நிரப்பிக்கொள்ள வேண்டியவை.

"அருள்மிகு மாரியம்மன் திருக்கோயில் பங்குனித் திருவிழா: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

நமது ஊர் மாரியம்மன் திருவிழா பங்குனி ….. ஆம் நாள் காப்புக் கட்டுதலுடன் தொடங்கி, மூன்று நாள் நடைபெறும். எட்டாம் நாள் மறுபூசை. விழாவுக்குத் தங்கள் குடும்பத்தார் அனைவரையும் அழைக்கிறோம். நன்கொடை அளித்தாலும் அளிக்காவிட்டாலும் பூசை, பிரசாதம், அன்னதானம் அனைத்தும் எல்லோருக்கும் பொது.

இந்த ஆண்டுச் செலவு மதிப்பு ரூ.2,00,000. ஊர்க் குடும்பங்களின் வரியும் சென்ற ஆண்டு இருப்பும் சேர்ந்து ரூ.1,22,000 ஆகும். மீதி ரூ.78,000-ஐ நன்கொடையாகத் திரட்ட வேண்டியுள்ளது. செலவு விவரம் இத்தாளின் பின்பக்கத்தில் உள்ளது.

தங்களால் இயன்றதைப் பணமாகவோ பொருளாகவோ அளிக்கலாம். அன்னதானத்துக்கு என்று தாங்கள் குறிப்பிட்டு அளிப்பது அன்னதானத்துக்கு மட்டுமே செலவிடப்படும். குறிப்பிடாமல் அளிப்பது விழாவின் பொதுச் செலவுக்குச் சேரும்.

எண் இட்ட ரசீது பெறாமல் யாரிடமும் பணம் தர வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறோம். வங்கி வழியாக அனுப்புவோருக்குத் திரையில் ….. என்ற பெயர் தோன்றும். வேறு பெயர் தோன்றினால் அனுப்ப வேண்டாம்.

வரவு செலவுக் கணக்கு மறுபூசைக்கு முந்தின நாள் கோயில் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டு, மறுபூசையன்று வாசிக்கப்படும். மீதம் இருப்பின் அது அடுத்த ஆண்டுத் திருவிழாவுக்கு வங்கியில் வைக்கப்படும். ஐயம் இருப்பின் செயலாளரையோ பொருளாளரையோ அழைத்துக் கேட்கலாம்.

இங்ஙனம்,
விழாக் கமிட்டிக்காக, தலைவர், செயலாளர், பொருளாளர் (பெயரும் கையொப்பமும்)"

கவனிக்க வேண்டியது, அழைப்பு முதலில் தனியாக முடிந்துவிடுகிறது என்பதுதான். கொடுக்க முடியாதவர் முதல் பத்தியோடு நிறுத்திவிட்டு விழாவுக்கு வரலாம். "அம்மன் அருளுக்குப் பாத்திரர் ஆகுக" என்ற வாழ்த்தை விட்டுவிட வேண்டுமா என்று பெரியவர்கள் கேட்பார்கள். வைத்துக்கொள்ளலாம். ஆனால் அழைப்புப் பத்தியில் வைக்க வேண்டும். பணம் கேட்கும் வரியோடு ஒட்டினால் அருளுக்கு விலை போட்டதாகிவிடும். "இங்ஙனம், விழாக் கமிட்டியார்" என்று பெயரில்லாமல் முடிப்பதும் கூடாது. பணம் கேட்பவர் பெயர் சொல்லித்தான் கேட்க வேண்டும்.

பொருளாளர் நல்ல மனுசர். அவர் ஜிபே நம்பரையே போட்டால் வேலை சுலபம் இல்லையா?

அவர் நல்லவர் என்பதாலேயே அப்படிச் செய்யக் கூடாது. அவருடைய சொந்தக் கணக்கில் மளிகைப் பணமும் பிள்ளையின் கல்லூரிக் கட்டணமும் திருவிழாப் பணமும் கலந்து ஓடும்போது, பின்னால் ஒருவர் கேள்வி கேட்டால் தம் குடும்ப வரவு செலவையே திறந்து காட்டும் நிலை அவருக்கு வரும். கணக்கில் தங்கும் பணத்துக்கு வரும் வட்டி அவருடைய வருமானமாகவே கருதப்படும். அவருக்கு ஏதாவது நேர்ந்துவிட்டால் அந்தப் பணத்தைக் கேட்கும் உரிமை வாரிசுகளுக்குப் போகும். ஊர் போய் நிற்க வேண்டிய இடம் அவர் வீட்டு வாசல்.

முறையான வழி, கமிட்டியின் பெயரில் கணக்குத் தொடங்கி, இருவர் கையொப்பமிட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்று வைப்பது. கூட்டத் தீர்மானத்தின் நகலும் பொறுப்பாளர்களின் அடையாளச் சான்றுகளும் வங்கி கேட்கும். இன்ன ஆவணம் என்பது வங்கிக்கு வங்கி மாறுவதால், திருவிழாவுக்கு இரண்டு மாதம் முன்பே கிளைக்குப் போய்விட வேண்டும். அதற்குள் முடியாவிட்டால், இருவர் பெயரில் புதிதாகச் சேமிப்புக் கணக்கு ஒன்றைத் தொடங்கி, வேறெந்தப் பணமும் அதில் சேராமல் பார்த்துக்கொள்வது தற்காலிக ஏற்பாடாகப் பொருந்தும்.

க்யூஆர் தாளைக் கடைகளில் ஒட்டும்போது, வேறொருவர் அதன்மேல் தம் தாளை ஒட்டிவிட்டுப் போகும் ஏமாற்று நடக்கக்கூடியது. திரையில் தோன்றும் பெயரை நோட்டீஸில் அச்சிடச் சொல்வது இதற்காகவே.

ரசீதுப் புத்தகத்தை ஐந்து பேரிடம் கொடுத்து அனுப்புகிறோம். கடைசியில் கணக்கு உதைக்கிறது. நோட்டீஸில் என்ன எழுதினாலும் இது தீராதே?

நோட்டீஸ் மட்டும் தீர்க்காதுதான். ஆனால் "எண் இட்ட ரசீது" என்று அச்சில் வாக்களித்துவிட்டால், அதைக் காப்பாற்றும் வேலையும் கமிட்டியின்மேல் விழுகிறது. புத்தகம் ஒவ்வொன்றுக்கும் எண், உள்ளே தாள்களுக்குத் தொடர் எண், எந்தப் புத்தகம் யாரிடம் எந்த நாளில் போனது என்ற ஒரு பக்கப் பதிவு, இவ்வளவுதான் தேவை. எழுதாத தாள்களோடு சேர்த்து எல்லாப் புத்தகங்களும் திரும்பி வர வேண்டும். தவறாக எழுதிய ரசீதைக் கிழித்தெறியாமல் குறுக்கே கோடிட்டு அடிக்கட்டையோடு வைத்திருக்க வேண்டும்.

கணக்கு உதைப்பது பெரும்பாலும் திருட்டால் அன்று. வசூலுக்குப் போன இடத்திலேயே வண்டி வாடகையையும் தேநீரையும் வசூல் பணத்திலிருந்து கொடுத்துவிட்டு, மீதியை மட்டும் கொண்டுவந்து கொடுப்பதால் அடிக்கட்டைத் தொகைக்கும் கைப்பணத்துக்கும் வித்தியாசம் வருகிறது. வசூலானது முழுவதும் முதலில் பொருளாளரிடம் சேர வேண்டும். செலவை அவர் தனியே, சீட்டு வாங்கிக்கொண்டு கொடுக்க வேண்டும். இதை முதல் நாளிலேயே சொல்லிவிட்டால் பாதிச் சண்டை வராது.

சிலர் அரிசி மூட்டை, எண்ணெய், விறகு என்று கொடுக்கிறார்கள். இதைக் கணக்கில் எப்படிக் காட்டுவது?

பொருளுக்கும் ரசீது உண்டு. அதில் ரூபாய் எழுதாமல் அளவை எழுத வேண்டும். ஆளுக்கு 125 கிராம் அரிசி என்று வைத்தால் 600 பேருக்கு 75 கிலோ, அதாவது 25 கிலோ மூட்டை மூன்று வேண்டும். அந்த மூன்றையும் ஒருவர் கொடுத்துவிட்டதாகவும், மூட்டை விலை 1,500 என்றும் கொள்வோம். அன்னதானச் செலவு 4,500 ரூபாய் குறைந்துவிடும். கணக்குத் தாளில் "அரிசி 75 கிலோ, பொருளாக வரவு" என்று ஒரு வரி இல்லாவிட்டால், 54,000 என்று சொன்ன செலவு 49,500 ஆனது எப்படி என்று யாருக்கும் விளங்காது. கொடுத்தவருக்கும் தம் அரிசி எங்கே போனது என்று தெரியாது.

இதைவிடச் சிக்கலானது, எல்லோரும் அன்னதானத்துக்கே கொடுக்க விரும்புவது. நாதஸ்வரத்துக்கு ஒருவர் கிடைப்பார். விளக்கு வாடகைக்கும் குப்பை அள்ளுவதற்கும் யாரும் தம் பெயரைச் சேர்க்க மாட்டார்கள். அன்னதானத்துக்கு வேண்டிய 54,000 சேர்ந்துவிட்டது என்றால், அதன்பின் வருபவரிடம் "அன்னதானத்துக்குத் தேவையானது நிறைந்துவிட்டது, பொதுச் செலவுக்குத் தருகிறீர்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் ரசீது எழுத வேண்டும். வாங்கிக்கொண்டு பின்னால் மேளக்காரருக்குக் கொடுப்பது, எவ்வளவு நல்ல எண்ணத்தோடு செய்தாலும், அச்சில் கொடுத்த வாக்கை மீறுவதே. ஊட்டி மாரியம்மன் கோயில் தேர்த்திருவிழாவில் நாளுக்கொரு சமூகத்தாரின் உபயம் என்று பிரித்து வைத்திருப்பது போல, சிறிய ஊரிலும் பந்தல் உபயம், விளக்கு உபயம் என்று பிரித்தால் கவனிக்கப்படாத செலவுகளுக்கும் உபயதாரர் கிடைப்பதுண்டு.

பேரையும் தொகையையும் மைக்கில் வாசிப்பது எங்கள் வழக்கம். அதை நிறுத்தினால் கொடுப்பவர்கள் கோபித்துக்கொள்வார்கள்.

பெயரை வாசிக்கலாம், தொகையை வாசிக்க வேண்டாம். ஐயாயிரம் கொடுத்தவர் பெயருக்குப் பிறகு "ஐம்பது ரூபாய்" என்று ஒருவர் பெயர் மலை முழுக்க ஒலிக்கும்போது, அந்த வீட்டுப் பிள்ளைகள் மறுநாள் பள்ளிக்கூடத்தில் கேட்கும் பேச்சைக் கமிட்டி கேட்பதில்லை. பெயர்களை அகர வரிசையில் வாசித்தால் யார் முன், யார் பின் என்ற போட்டியும் போய்விடும்.

கணக்கு வெளிப்படையாக இருக்க வேண்டாமா என்று எதிர்வாதம் வரும். அதற்குப் பலகையில் இரண்டு தாள் ஒட்ட வேண்டும்: ஒன்றில் பெயர்கள் மட்டும் அகர வரிசையில், மற்றொன்றில் ரசீது எண்ணும் தொகையும் மட்டும். தம் ரசீதைக் கையில் வைத்திருப்பவர் தம் தொகை ஏறியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்வார். அடுத்தவர் எவ்வளவு கொடுத்தார் என்பது தெரியாது. பெயரே வேண்டாம் என்பவருக்கு ரசீதில் "பக்தர்" என்று எழுதிக் கொடுக்கலாம்.

கோயமுத்தூர், திருப்பூர் என்று போய்விட்ட பிள்ளைகளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம். அதே தாளின் படத்தை அனுப்பினால் போதுமா?

படம் போதும், ஆனால் முன்பக்கம் மட்டும் போனால் போதாது. செலவு விவரம் உள்ள பின்பக்கமும் போக வேண்டும். குழுவில் "இன்னும் அனுப்பாதவர்கள்" என்று பட்டியல் போடுவது மைக்கில் தொகை வாசிப்பதைவிட மோசமானது. ஒருமுறை அனுப்பி, விழாவுக்கு ஒரு வாரம் முன்பு பொதுவாக ஒருமுறை நினைவூட்டினால் போதும். பணம் வந்த அன்றே ரசீதின் படத்தை அவருக்குத் தனியே அனுப்பிவிட வேண்டும்.

வருமான வரியில் கழிவு உண்டு என்று போடலாமா? ரிசார்ட்காரர்கள் கேட்கிறார்கள்.

80ஜி என்று வழங்கிவரும் நன்கொடைக் கழிவுப் பதிவை உங்கள் அமைப்பு வருமான வரித் துறையிடம் பெற்றிருந்தால் மட்டும் போடலாம். ஊர்த் திருவிழாக் கமிட்டிகளுக்குப் பெரும்பாலும் அது இருக்காது. பதிவு இருந்தாலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த நன்கொடைக்கு அந்தக் கழிவு கிடைக்காது. பதிவு இல்லாதவர்கள் கேட்பவரிடம் இல்லை என்று நேராகச் சொல்லிவிடுவதே சரி.

எங்கள் கோயில் அறநிலையத் துறையின் கீழ் இருக்கிறது. நாங்கள் தனியாக நோட்டீஸ் அடிக்கலாமா?

செயல் அலுவலரிடமோ அறங்காவலரிடமோ எழுத்தில் அனுமதி பெறாமல் கோயிலின் பெயரால் வசூல் செய்யக் கூடாது. அனுமதி கிடைத்த பிறகு அதன் நாளையும் எண்ணையும் நோட்டீஸில் குறிப்பிட வேண்டும். உண்டியல் வேறு, கமிட்டி நன்கொடை வேறு என்பதும் ஒரு வரியில் தெரிய வேண்டும்.

மீதி இருந்தால் கமிட்டியில் பேசி ஏதாவது நல்ல காரியத்துக்குச் செலவு செய்கிறோம். அதையும் எழுத வேண்டுமா?

நல்ல காரியம் எது என்பதைக் கொடுத்தவர் முன்கூட்டியே அறிய வேண்டும். எடுத்துக்காட்டு ஊரின் முடிவுக் கணக்கைப் பார்ப்போம். வரி 1,08,000-ல் மூன்று குடும்பங்கள் கட்டவில்லை, வந்தது 1,05,000. பழைய இருப்பு 14,000. நன்கொடை 85,000, அதில் அன்னதானத்துக்கு என்று குறிப்பிட்டு வந்தது 55,500, பொதுவாக வந்தது 29,500. மொத்த வரவு 2,04,000. பந்தலில் 2,500 மிச்சமானது, அரிசி பொருளாக வந்ததால் 4,500 மிச்சமானது; மொத்தச் செலவு 1,93,000. மீதி 11,000.

இந்த 11,000-ஐ ஒரே தொகையாகப் பார்ப்பதில்தான் வழுக்கல் தொடங்குகிறது. அன்னதானத்துக்கு வந்த 55,500-ல் செலவானது 49,500. எஞ்சிய 6,000 அடுத்த ஆண்டு அன்னதானத்துக்கே உரியது. கமிட்டி அடுத்த ஆண்டுப் பொதுச் செலவுக்கு எடுத்துக்கொள்ளக்கூடியது 5,000 மட்டும். கோயிலுக்குத் தகரக் கூரை மாற்ற வேண்டும், திருப்பணி தொடங்க வேண்டும் என்று யாராவது சொன்னால், அதற்குத் தனி நோட்டீஸ், தனி ரசீதுப் புத்தகம், இயன்றால் தனிக் கணக்கு. திருவிழாவுக்கு வாங்கியதைத் திருப்பணிக்குத் திருப்புவதற்கு ஊர்க் கூட்டத்தின் ஒப்புதல் வேண்டும்.

பற்றாக்குறை வந்தால் என்ன என்பதையும் கூட்டத்திலேயே முடிவு செய்துவிட வேண்டும். விழா நடுவில் நோட்டீஸ் அடித்து இரண்டாம் சுற்று வசூலுக்குப் போவதைவிட, நன்கொடை வரும் வேகத்தைக் காப்புக் கட்டும் நாளன்று பார்த்து, மேளத்தையோ விளக்கையோ குறைப்பது நல்லது. குறைக்க முடியாதவை பூசையும் அன்னதானமும். மற்றவை எல்லாம் குறைக்கக்கூடியவையே.

கணக்கை வாசிக்கும்போது ஒருவர் எழுந்து சண்டைக்கு வந்தால்?

மறுபூசைக் கூட்டத்தில் இது நடப்பதுதான். வாசிப்பதற்கு முந்தின நாளே வரவு செலவுக் கணக்குத் தாளையும், பெயர்த் தாள், ரசீதுத் தாள் இரண்டையும் பலகையில் ஒட்டிவிட்டால், கேள்வி உள்ளவர் பார்த்துவிட்டு வருவார். முதன்முறையாகக் காதில் விழும் எண்ணுக்குத்தான் கோபம் வரும். செலவுச் சீட்டுகளை ஒரு கோப்பில் தேதி வரிசையாக அடுக்கி, மேசைமேல் வைத்திருக்க வேண்டும். கமிட்டியில் இல்லாத இருவரை, முடிந்தால் அவர்களில் ஒருவர் பெண்கள் சுயஉதவிக் குழுவில் கணக்கு எழுதிப் பழகியவராகப் பார்த்து, வாசிப்பதற்கு முன் சரிபார்த்துக் கையொப்பமிடச் சொல்லலாம்.

கேட்டவருடைய கேள்வி, அவர் எந்த ரசீது எண்ணைப் பற்றியோ எந்தச் செலவுச் சீட்டைப் பற்றியோ கேட்டார் என்பதோடு, தீர்மானப் புத்தகத்தில் எழுதப்பட வேண்டும். விடை உடனே இல்லையென்றால் எந்த நாளுக்குள் சொல்லப்படும் என்பதையும் எழுத வேண்டும். அந்த நாளில் விடையைப் பலகையில் அதே கணக்குத் தாளின் கீழே ஒட்டிவிட்டு, கேட்டவரிடம் நேரில் போய்ச் சொல்வது செயலாளரின் பொறுப்பு.